சக்கரங்களின் பிறந்த தேதி

மனைவியோடு தெருவில் இறங்கினால் எப்போது வீடு திரும்பலாம் என்று மருந்துக்கடைக்காரரால் சொல்லவே முடியாது. கடைத்தெரு ஒன்றும் தொலைவு இல்லை. வழியில் நிற்கிற கார்கள்தான் பிரச்சினை. ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் அவள் நிற்பாள். குனிவாள். முன் சக்கரத்தில் கையை வைத்து, டயரின் பக்கவாட்டில் எதையோ தேடுவாள். கிடைத்ததும் செல்போனை எடுத்து ஒரு படம். பிறகு பின் சக்கரம். முடிந்ததும் முழங்காலைத் தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் "வாங்க, போலாம்" என்பாள். அடுத்த காரில் மறுபடி அதே கதை.

ஆரம்பத்தில் கம்மலைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்து அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கூடச் சேர்ந்து தேடினார்கள். ஒருமுறை ஒருவர் மாடியிலிருந்து பனியனோடு இறங்கி ஓடிவந்து, "காத்தைப் பிடுங்கறீங்களா?" என்று சண்டைக்கு நின்றார். மருந்துக்கடைக்காரர் அசடு வழிந்து, கும்பிட்டு, சமாதானம் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதரோ, "பாவம், முத்திப்போச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே மாடியேறினார். அவள் காதில் அது விழுந்தது. விழாததுபோல நடந்தாள்.

முத்திப்போகவில்லை. அவளுக்குத் தம்பி போய்விட்டான், அவ்வளவுதான்.

தம்பியை வீட்டில் எல்லோருக்கும் சின்னவன் என்றுதான் பழக்கம். வாய் ஓயாதவன். அக்கா புருஷனை அவன் ஒருநாளும் வெறும் மாமா என்று கூப்பிட்டதில்லை. மாத்திரை மாமா. "மாத்திரை மாமா, தலைவலிக்குத் தர்றதையே தர்றீங்களே, வேற சரக்கே இல்லையா கடையில?" என்று கல்லாவுக்கு முன்னால் நின்று கத்துவான். வந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் சிரிப்பார்கள். இவருக்குக் கோபம் வரும். கோபத்தோடேயே சிரிப்பும் வந்துவிடும்.

அவன் கார் வாங்கப் போனபோது அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போனான். அவனுக்குச் சிவப்பு வேண்டும். சிவப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். வெள்ளை தயாராக நிற்கிறது, தள்ளுபடியும் உண்டு, நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். "வெள்ளைக்கு என்னடா குறைச்சல்? வெயிலுக்கு நல்லது. எடுத்துக்கோ" என்றாள் அக்கா. எடுத்துக்கொண்டான். வண்டி நன்றாகத்தான் ஓடியது. பின்னாளில் யாரோ டயரை மாற்றச் சொன்னபோதும், "நாலு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள என்ன அவசரம்? பட்டன் எல்லாம் அப்படியே இருக்கு பாருங்க" என்று ரப்பரைத் தட்டிக் காட்டினான். தேயவில்லை என்பதும் உண்மைதான்.

ஒரு வெயில் நாளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தான். நெடுஞ்சாலையில் பின் டயர் வெடித்தது. வண்டி உருண்டது. இலை போட்டு வைத்திருந்த வீட்டுக்குப் போன் வந்தது.

அப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவர் வந்தார். பொறுமையான மனுஷர். கிழிந்த டயர்த் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் நீள்வட்டத்துக்குள் அச்சாகியிருந்த நாலு எண்களைக் காட்டினார். 3114. "முதல் ரெண்டு எண், வாரம். கடைசி ரெண்டு, வருஷம். இது ரெண்டாயிரத்துப் பதினாலுல முப்பத்தோராவது வாரம் செஞ்ச டயர். உங்க தம்பி வண்டி வாங்கினது பதினேழுல. அப்பவே இதுக்கு மூணு வயசு. வண்டியும் பதினாலோட வண்டிதான். விக்காம யார்டுலயே வெயில்ல நின்னிருக்கு. ஒரே இடத்துல, காத்துக் குறைஞ்சு, மொத்த பாரத்தையும் தாங்கிக்கிட்டு. அவர் வாங்கின நாள்லேர்ந்து கணக்குப் போட்டிருக்கார். ரப்பர் செஞ்ச நாள்லேர்ந்து கணக்கு வச்சிருந்தது."

"அப்ப அதனாலதானா?" என்று அவள் கேட்டாள்.

"அதனாலதான்னு என்னால எழுதித் தர முடியாதும்மா. காத்து, வேகம், ரோடு, எல்லாம் உண்டு. ஆனா இதுவும் உண்டு."

அந்த எண் இருந்த ரப்பர்த் துண்டு, உள்ளங்கை அகலம், எல்லாம் முடிந்த பிறகு அவள் கைக்கு வந்தது. அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். அன்றிலிருந்து பையை எங்கே திறந்தாலும் லேசாக ரப்பர் வாசனை வரும். பஸ்ஸில் சில்லறை எடுக்கும்போது வரும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் கைக்குட்டை எடுக்கும்போதும் வந்தது. மருந்துக்கடைக்காரருக்கு அந்த வாசனை வந்தாலே முதுகில் யாரோ நிற்பதுபோல் இருக்கும். 'மாத்திரை மாமா' என்று இதோ கூப்பிடப் போகிறான் என்று தோன்றும். திரும்பிப் பார்ப்பார். ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அவள் வேலை ஓர் அச்சகத்தில். பிழை திருத்துபவள். புள்ளி விட்டுப் போனால்கூடக் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கண்ணைத்தான் இப்போது தெருவில் வைத்திருந்தாள். பூட்டி நிற்கிற காரில் வெளியிலிருந்து படிக்கக் கிடைப்பது டயர் ஒன்றுதான். ஆகவே டயரைப் படித்தாள். இரண்டு வருடமாக. அவள் செல்போனில் முகம் இருக்கிற படங்களைவிடச் சக்கரம் இருக்கிற படங்கள்தான் அதிகம்.

மருந்துக்கடைக்காரரின் பழைய வண்டி உயிரை விட்டது அந்த வருடம்தான். மருந்துப் பெட்டிகளை ஏற்றி இறக்க ஒரு கார் இல்லாமல் முடியாது. புதுக் கார் என்ற பேச்சை எடுத்ததுமே அவள் முகம் இறுகிவிட்டது. அவர் ஒரு வாரம் பதுங்கிப் பதுங்கி வந்து, கடைசியில் சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

"ஒரு ஒப்பந்தம் வச்சுக்கலாமா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "என்ன?"

"நீயே வா. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் நீயே பாரு. ஒண்ணு பழசா இருந்தாலும் வேண்டாம்னு வந்துடலாம். நாலும் சரியா இருந்துச்சுன்னா…" அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கப்புறம் தெருவுல குனியறதை விட்டுடணும். எனக்காக. என்னால பார்க்க முடியலை."

அவள் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள். "நானும் விடணும்னுதான் நினைக்கறேன்" என்றாள். "எப்படி விடறதுன்னுதான் தெரியலை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லாம் சரியா இருக்கறதைப் பார்த்துட்டேன்னா விட்டுடுவேன்னு தோணுது. சரி. வரேன்."

அந்தச் 'சரி'யைக் கேட்டதும் மனுஷர் தலைகால் புரியாமல் போய்விட்டார். மறுநாள் கடைக்கு வந்து, கூட்டம் குறைந்ததும், ஷோரூமுக்குப் போன் போட்டார். இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். பெரிய தப்புகளைப் பாதிப் பேர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள்.

ஷோரூமில் அவருக்கு வண்டி காட்டிய விற்பனையாளர் எப்போதும் டை கட்டியிருப்பார். தொப்பைக்கு மேலே அந்த டை படுத்துத் தூங்கும். அவரை மனதுக்குள் டைக்காரர் என்றே வைத்திருந்தார் நம்மவர்.

"சார், ஒரு சின்ன விஷயம்" என்றார். "நாளன்னிக்கு என் வீட்டுக்காரம்மாவும் வருவாங்க. அவங்க டயர்ல இருக்கற தேதியைப் பார்ப்பாங்க. நாலையும் பார்ப்பாங்க. வேற எதையும் பார்க்க மாட்டாங்க. அந்த டயர் மட்டும் பழசா இருந்துடக்கூடாது. இருந்தா வண்டியே வேண்டாம்னுடுவாங்க."

எதிர்முனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கவலையை விடுங்க சார். நான் பார்த்துக்கறேன்" என்று பதில் வந்தது. தேன் ஒழுகியது.

மருந்துக்கடைக்காரர் போனை வைத்துவிட்டு அலமாரி அடுக்கப் போனார். காலாவதி நெருங்குகிற மாத்திரைகளை முன்னால் வைத்து, புதுச் சரக்கைப் பின்னால் தள்ளுவது அவருடைய தினசரி வேலை. எந்தக் கடையிலும் அப்படித்தான். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். கார் விற்கிறவருக்கும் அதே அரிப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

சொன்ன நாளில் இருவரும் போனார்கள். ஷோரூமின் முன்பக்கம் கண்ணாடி மாளிகை. பின்பக்கம் வேறு உலகம். வாகனங்களை நிறுத்தி வைக்கும் யார்டு அங்கே இருந்தது. விற்காத கார்கள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தில் தூசி. சிவப்பு எது, நீலம் எது என்று தெரியவில்லை. இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை. சில உறைகள் உள்ளுக்குள் வியர்த்திருந்தன. காற்று வரும்போது எங்கேயோ ஓர் உறையின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் அந்த வரிசையைக் கடந்து போகையில் நடையைக் கூட்டினார். எல்லா முகப்பு விளக்குகளும் அவரையே பார்ப்பதுபோல் ஒரு பிரமை.

அவர்களுடைய வண்டி டெலிவரிக் கூடத்தில், கழுவித் துடைத்து, விளக்குகளுக்குக் கீழே நின்றது. சாம்பல் நிறம். பளபளப்பு கண்ணைப் பறித்தது.

"போன மாசம்தாங்க நம்ம யார்டுக்கு வந்துச்சு" என்றார் டைக்காரர். "பதிவுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நல்லா பார்த்துக்கங்க மேடம். பதிவு ஆயிடுச்சுன்னா அப்புறம் நீங்க சொல்லி நாங்க மாத்த முடியாது பாருங்க. நம்மகிட்ட எல்லாம் வெளிப்படை."

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. வந்தவுடன் இடது முன் சக்கரத்தருகே மண்டியிட்டாள். விரலால் தடவிக்கொண்டே போய் நின்றாள். "பத்தொன்பது, இருபத்து மூணு." பின் சக்கரம். "பத்தொன்பது, இருபத்து மூணு." சுற்றி வந்தாள். வலது பின். அதுவும் அதேதான். இந்த வருடம் மே மாதத்து டயர்கள். ரப்பரின் மெல்லிய மயிரிழைகள்கூட உதிராமல் நின்றன.

வலது முன் சக்கரத்தில் எண் இல்லை. எழுத்துகள் இருந்தன, ஆனால் கடைசி நாலு இலக்கம் இல்லை. அவள் விரல் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று வந்தது.

"பல டயர்ல தேதி ஒரு பக்கம்தான் இருக்கும் மேடம். இதுல உள்பக்கம் திரும்பிடுச்சு" என்றார் டைக்காரர் அவசரமாக.

"தெரியும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க" என்றாள்.

ஒடித்தார்கள். சக்கரம் திரும்பி உள்பக்கத்தைக் காட்டியது. அவள் கிட்டத்தட்டத் தரையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கடவுளே, கடவுளே என்று வாய் முணுமுணுத்தது.

"பத்தொன்பது, இருபத்து மூணு."

அவள் எழுந்தாள். கன்னத்தில் கரி. அந்தக் கரியோடு சிரித்தாள். இரண்டு வருடமாக அவர் பார்க்காத சிரிப்பு. அவருக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

"நாலும் சரியா இருக்குங்க" என்றாள். பிறகு செல்போனை அவர் கையில் கொடுத்தாள். "எல்லாப் படத்தையும் அழிச்சிடுங்க. நான் அழிச்சா ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டு நிப்பேன். நீங்களே அழிச்சிடுங்க. நான் கையைக் கழுவிட்டு வரேன்."

அவள் போனாள். அவள் நடையே வேறாக இருந்தது. டைக்காரர் ரசீதுப் புத்தகம் எடுக்க உள்ளே போனார். போகிறபோக்கில், "சார், இன்சூரன்ஸ் எழுதறதுக்குச் சேஸிஸ் நம்பரை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க" என்றார். பழக்க தோஷம். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிற வரி அது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

சின்னவனின் வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்டு அலைந்த நாட்களில் அந்த எண் எங்கே இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் கற்றிருந்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் பதித்திருந்த தகட்டைப் பார்த்தார். நீளமாக எண். அதற்குக் கீழே, சின்னதாக, தயாரித்த மாதமும் வருடமும்.

02/2021.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். இரண்டாம் மாதம். இரண்டாயிரத்து இருபத்தொன்று. சின்னவன் இறந்த அதே மாதம்.

ஒரு மருந்துக்கடைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அட்டைப்பெட்டி முதலில் அச்சாகும், மாத்திரை பிறகு அதில் ஏறும். டயர் முதலில் செய்து தொழிற்சாலைக்கு வரும், பிறகுதான் வண்டியில் ஏறும். சில வாரம், மிஞ்சினால் சில மாதம், டயர்தான் வண்டியைவிட மூத்ததாக இருக்க வேண்டும். இங்கே வண்டி மூத்தது, டயர் இளையது. இரண்டு வயதுக்கும் மேலே வித்தியாசம். அப்படியென்றால் இந்தக் கால்களில் பிறந்த வண்டி இல்லை இது. யாரோ காலை மாற்றியிருக்கிறார்கள். யார் சொல்லி?

யார் சொல்லி என்று அவருக்குத் தெரியும். சீட்டியடித்துக்கொண்டு அலமாரி அடுக்கியவர் சொல்லி.

பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். தரைப் பலகையைத் தூக்கினார். அடியில் ஸ்டெப்னி படுத்திருந்தது. மாற்றுச் சக்கரம். அதை அவள் பார்க்க மாட்டாள் என்று அவரே போனில் சொல்லியிருந்தாரே. நாலையும் பார்ப்பாங்க, வேற எதையும் பார்க்க மாட்டாங்க. டயரில் 4820 என்று இருந்தது. இருபதாம் வருடத்தின் கடைசி வாரங்களில் செய்தது. அதன் பள்ளத்தில் காய்ந்த குளவிக்கூடு ஒன்று, களிமண் விரல்போல ஒட்டியிருந்தது. கழுவியவர்கள் கை இங்கே வரவில்லை. கதவு ரப்பரின் மடிப்பில் விரலை விட்டார். யார்டில் பார்த்த அதே தூசி. பிரேக் தட்டின் விளிம்பில் துரு. பார்க்கத் தெரிந்த பிறகு எல்லாமே தெரிகிறது.

டிக்கிக்குள்ளிருந்து ரப்பர் வாசனை எழும்பியது. அவள் கைப்பையின் வாசனை.

'மாத்திரை மாமா.'

அவர் திரும்பினார். ஒருவரும் இல்லை. டெலிவரிக் கூடத்தின் விளக்குகள் மட்டும் சன்னமாக ரீங்காரமிட்டன. ஆனால் குரல் போகவில்லை. காதுக்குள்ளேயே நின்றது. கேலியாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. சாப்பாடு ஆச்சா என்று கேட்கிற குரல்.

என்ன செய்யலாம்? மனுஷர் கணக்குப் போட்டார். டயர் நாலும் நிஜமாகவே புதுசு. ஆபத்து ஒன்றும் இல்லை. வண்டி கொஞ்சம் பழசு, அவ்வளவுதானே, பாட்டரியை மாற்றிக்கொள்ளலாம், ஸ்டெப்னியையும் நாளைக்கே மாற்றிவிடலாம். விலையில் ஏமாந்ததாக இருக்கட்டும். அவள் சிரித்தாளே. அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இந்தப் பலகையை மூடினால் போதும். அவள் இனி குனிய மாட்டாள்.

பலகையை மூடினார். அது சத்தத்தோடு விழுந்தது.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். முன் இருக்கைக் கதவைத் தானே திறந்து உட்கார்ந்தாள். சின்னவன் போன பிறகு எந்தக் காரிலும் அவள் முன்னால் உட்கார்ந்ததில்லை. பின் இருக்கையில் மூலையில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு வருவாள். இப்போது பையைக் காலடியில் போட்டுவிட்டு, "உட்காருங்க, எப்படி இருக்குன்னு பார்க்கலாம்" என்றாள்.

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"சின்னவன் இருந்தா என்ன சொல்லியிருப்பான் தெரியுமா?" என்றாள். அவன் பெயரை எடுத்துச் சிரித்துப் பேசுகிறாள்! "மாத்திரை மாமாவுக்கு ஏத்த கலர்தான், மருந்துச் சீசா மூடி மாதிரின்னு சொல்லியிருப்பான்."

அவர் சிரிக்க முயன்றார். அவள் இருக்கை வாரை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வார் முழுதாக வெளியே வந்தபோது அதன் அடியில் தைத்திருந்த சிறு துணிப்பட்டை அவள் கைக்கு அருகே வந்து நின்றது. அதிலும் தேதி இருக்கும். அவருக்கு அது இங்கிருந்தே தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பிழை திருத்துகிறவள், புள்ளியைக்கூட விடாதவள், பார்க்காமல் முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள். கையை மடியில் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திருட்டைவிட அவளுடைய நம்பிக்கை அதிகமாகச் சுட்டது. சின்னவனுடைய அக்காவை, சின்னவனை ஏமாற்றிய அதே மாதிரி வண்டியில், தன் கையால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவதா? ஒவ்வொரு நாளும் இந்தத் தகட்டைத் தாண்டிக் கதவைச் சாத்துவதா?

"இறங்கும்மா" என்றார்.

"ஏன்?"

"இறங்கு. இது பழைய வண்டி."

கதவுத் தூணில் இருந்த தகட்டைக் காட்டினார். அவள் படித்தாள். அந்த மாதத்தை அவள் எத்தனை தரம் படித்தாள் என்று தெரியாது, உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் காட்டினார். அவள் குளவிக்கூட்டைத் தொட்டாள். அது பொடிந்து உதிர்ந்தது.

டைக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தவர், திறந்த டிக்கியைப் பார்த்ததும் புன்னகையை வைத்துக்கொண்டே நின்றார்.

"டயரை மாத்தியிருக்கீங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை.

"மேடம், அது… வண்டி ஒரு அடிகூட ஓடலை மேடம். யார்டுல நின்னதுதான். பழைய டயர் வேண்டாம்னுதானே நல்ல டயரா போட்டோம். உங்க நன்மைக்குத்தான். வேணும்னா இன்னும் தள்ளுபடி…"

"டயரை மட்டும் ஏன் மாத்தினீங்க?"

"சார்தானே மேடம் போன்ல சொன்னாரு" என்றார் டைக்காரர். தப்பித்துக்கொள்ளும் அவசரத்தில் உண்மை வந்துவிட்டது. "நீங்க டயர் மட்டும்தான் பார்ப்பீங்க, வேற எதையும் பார்க்க மாட்டீங்கன்னு."

யார்டிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையின் படபடப்பு கேட்டது. அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை. அறைந்திருந்தால்கூடத் தேவலை. அவள் முன் இருக்கைக்குக் கீழே கிடந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, போலாம்" என்றாள். தெருவில் சொல்வாளே, அதே குரலில்.

முன்பணம் திரும்பி வரும், வராது என்று டைக்காரர் பின்னாலேயே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். இருவரும் காதில் வாங்கவில்லை.

வெளியே சாலையோர மரநிழலில் வந்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. "நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்…"

"தெரியும்."

"உனக்கு நிம்மதி வரட்டுமேன்னு…"

"அதுவும் தெரியும்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு அவளாகவே பேசினாள். "ரெண்டு வருஷமா எனக்கே சந்தேகங்க. நமக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு. அன்னிக்கு நான்தான் வெள்ளை வண்டியை எடுக்கச் சொன்னேன். அப்ப நான் குனிஞ்சு பார்க்கலை. அதனால இப்ப குனியறேன். அவ்வளவுதான். யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, பக்கத்துல குனிஞ்சு 'ஆமா, எண் இருக்கு'ன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருக்கும். எல்லாரும் நிமிர்ந்து நின்னு என்னைத்தான் பார்த்தாங்க. நீங்களும்தான்."

அவர் அவளோடு எட்டு வைத்து நடந்தார்.

"இன்னிக்கு நீங்க குனிஞ்சீங்க" என்றாள். "டிக்கிக்குள்ள. நான் கை கழுவிட்டு வரும்போது பார்த்தேன். அப்புறம் பலகையை மூடினீங்க. அதையும் பார்த்தேன். சொல்றீங்களா இல்லையான்னு பார்த்துக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

அவருக்கு நடை நின்றுவிட்டது. அவளும் நின்றாள். கைப்பையைத் திறந்தாள். வாசனை வந்தது. துணிச்சுருளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"சொல்லிட்டீங்க. அதனாலதான் தரேன். எனக்குப் போதும். இனிமே நீங்க வச்சுக்கங்க."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வெறும் கையை வீசிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, எந்தப் பக்கமும் திரும்பாமல். அந்தத் தெரு முழுக்கக் கார்கள் நின்றன. அவள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் பின்னால் வந்தார். சட்டைப்பையில் ரப்பர்த் துண்டு கனத்தது. துணிக்கு மேலேயே அந்த எண்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. நாலைந்து கார்களைத் தாண்டியிருப்பார். அடுத்து ஒரு வெள்ளை வண்டி. சின்னவனுடைய வண்டி மாதிரியே. பின் இருக்கையில் ஒரு குழந்தை நாற்காலி இருந்தது. ஜன்னலோரம் பந்து ஒன்று கிடந்தது. யார் வீட்டு வண்டியோ, யார் ஏறுவார்களோ.

'மாத்திரை மாமா' என்றான் அவன், காதோடு.

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். தூசியை விரலால் துடைத்தார். எண் உடனே கிடைக்கவில்லை. கழுத்தைச் சாய்த்துத் தேடினார். தெருமுனையில் அவள் நின்று அவருக்காகக் காத்திருந்தாள், கூப்பிடவில்லை.

அவள் செல்போன் இன்னும் அவரிடம்தான் இருந்தது. ஒரு படமும் அழியவில்லை. அவர் அதை எடுத்து, நாலு எண்களும் தெளிவாகத் தெரிகிறபடி, ஒரு படம் எடுத்தார். பிறகு பின் சக்கரத்துக்குப் போனார்.